எந்தக் கோடு எல்லை? இழுத்தால் எளிதில் உடையும் பொருள்களின் முறிவுக்கோடு குறித்து

ஓசூரில் வார்ப்பிரும்பு, கிருஷ்ணகிரியில் கருங்கல். நடுவே தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஐம்பது கிலோமீட்டர் அளவுதான். ஓசூர் சிப்காட்டின் பட்டறைகளில் இயந்திர அடித்தளம், பிரேக் டிரம், பேரிங் உறை என்று வார்ப்புகள் கடைசலுக்கு வருகின்றன. பர்கூர், ஜெகதேவிப் பக்கம் குவாரிகளில் வெட்டிய பாளங்கள் லாரி ஏறுகின்றன. தொழில் வேறு, சந்தை வேறு. ஆனால் பொறியாளரின் பார்வையில் இரண்டும் ஒரே குணம் கொண்டவை: அமுக்கினால் நன்றாகத் தாங்கும், இழுத்தால் சீக்கிரம் உடையும், உடையும்முன் வளைந்து எச்சரிக்காது.

இப்படிப்பட்ட பொருளில் ஒரு புள்ளியை ஒரு திசையில் இழுத்து, மற்றொரு திசையில் அமுக்கினால் அது எப்போது உடையும்? இழுவைச் சோதனை ஒரு எண் தருகிறது. அமுக்கச் சோதனை வேறொரு எண் தருகிறது. நடைமுறையில் வரும் தகைவு பெரும்பாலும் இரண்டும் கலந்தது. அந்தக் கலவைக்கு விடை சொல்லத்தான் மோர் வட்டத்தின் மேல் முறிவுக்கோடு வரையப்படுகிறது. அந்தக் கோட்டின் வடிவம் பற்றி இருநூற்றைம்பது ஆண்டுகளாக விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் எது எங்கே நிற்கிறது, எங்கே சறுக்குகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரை.

வட்டமும் கோடும்

ஜெர்மானியப் பொறியாளர் ஓட்டோ மோர் 1882-இல் தகைவை ஒரு வட்டமாக வரையும் முறையைத் தந்தார். கிடைக்கோட்டில் செங்குத்துத் தகைவு, நெடுக்கோட்டில் சறுக்குத் தகைவு. ஒரு புள்ளியின் மிகப்பெரிய, மிகச்சிறிய முதன்மைத் தகைவுகள் வட்டத்தின் இரு முனைகள். இக்கட்டுரையில் இழுவை வலப்பக்கம், அமுக்கம் இடப்பக்கம். வட்டத்தின் விளிம்பில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் பொருளுக்குள் ஏதோ ஒரு சாய்வில் உள்ள ஒரு தளத்தைக் குறிக்கும்.

1900-இல் மோர் அடுத்த அடியை வைத்தார். உடையும் தருணத்தில் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு வட்டம் வரைந்தால், அவை எல்லாவற்றையும் வெளியே தொட்டுச் செல்லும் ஒரு கோடு கிடைக்கும். அதுவே அந்தப் பொருளின் எல்லை. அதைத் தொடாத வட்டம் பத்திரமானது என்றார். அவர் கோட்டுக்கு வடிவம் எதையும் விதிக்கவில்லை. அதைச் சோதனைதான் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டார். பின்னால் வந்த விவாதம் முழுவதும் அந்த வெற்றிடத்தை நிரப்பும் முயற்சிதான்.

நேர்கோடு: கூலோமின் வழி

மிகப் பழைய விடை மோருக்கும் முந்தையது. 1773-இல் பாரிஸ் அகாதெமியில் படித்து 1776-இல் அச்சான கட்டுரையில் சார்ல் கூலோம், ஒரு தளத்தில் சறுக்கலைத் தடுப்பவை இரண்டு என்றார்: பொருளின் ஒட்டுறுதி ஒன்று, அந்தத் தளத்தை அழுத்தும் விசையால் பிறக்கும் உராய்வு மற்றொன்று. வட்டப்படத்தில் இது ஒரு சாய்ந்த நேர்கோடு. பாடப்புத்தகங்களில் கூலோம்–மோர் என்று வருவது இதுதான். இழுவை வட்டத்தையும் அமுக்க வட்டத்தையும் வரைந்து, இரண்டையும் தொடும் ஒரு நேர்கோட்டை இழுத்துவிட்டால் வேலை முடிந்தது.

எளிமைதான் இதன் பலம். இரண்டே சோதனைகள் போதும். மண்ணியலில் இன்றும் இதுவே அன்றாடக் கருவி. ஆனால் கூலோம் நினைத்தது அழுத்தப்பட்டு உரசும் தளத்தை. இழுவையில் இரு முகங்களும் விலகுகின்றன. அங்கே உரசலே இல்லை. அப்படியிருக்க உராய்வுக் கோட்டை இழுவைப் பக்கம்வரை நீட்டுவதற்குப் பௌதிகக் காரணம் எதுவும் இல்லை. வசதி மட்டுமே உண்டு.

இந்த வசதிக்குக் கொடுக்கும் விலையை உள்ளூர்ப் பட்டறைகளில் புழங்கும் எஃப்.ஜி. 260 தரச் சாம்பல் வார்ப்பிரும்பை வைத்தே கணக்கிடலாம். ஐ.எஸ். 210 தர அட்டவணையிலும் வடிவமைப்புக் கையேடுகளிலும் இதற்கு வழிகாட்டு மதிப்புகள் உள்ளன: இழுவை வலிமை 260 மெகாபாஸ்கல், அமுக்க வலிமை 864, முறுக்கு வலிமை 299. முதல் இரண்டையும் வைத்து நேர்கோடு வரைந்து, தூய முறுக்கில் என்ன வரும் என்று கேட்டால் கிடைப்பது:

260 × 864 ÷ (260 + 864) ≈ 200

அட்டவணை சொல்வது 299. நேர்கோடு மூன்றில் ஒரு பங்கு குறைத்துச் சொல்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. முறுக்கு வலிமை என்று அட்டவணையில் வருவது பெயரளவு எண். திண்மத் தண்டை முறுக்கி உடைத்து, உடைத்த திருப்புவிசையை மீள்தன்மைச் சூத்திரத்தில் போட்டுப் பெறுவது. வார்ப்பிரும்பின் தகைவு–திரிபு வரைபடம் வளைந்தது. வெளிவிளிம்பு தளரத் தளர உட்பகுதி சுமையை ஏற்கும். எனவே அந்தச் சூத்திரம் உண்மையைக் கூட்டித்தான் காட்டும். முழுத் தளர்ச்சி என்ற உச்ச நிலையில் கூடுதல் மூன்றில் ஒரு பங்கு. அதைக் கழித்தால் 299 என்பது 224 ஆகும். உண்மை 224-க்கும் 299-க்கும் இடையில் எங்கோ இருக்கும். முழுத் திருத்தத்தையும் கொடுத்த பிறகும் நேர்கோட்டின் 200 எட்டவில்லை. பிழை பத்திரமான பக்கத்தில் இருப்பதால் வடிவமைப்பாளர் பெரும்பாலும் கவலைப்படுவதில்லை. வார்ப்பு கொஞ்சம் கனமாகும், அவ்வளவுதான்.

உடைந்த முகம் சொல்வது

வலிமை எண்ணைவிடக் கறாரான சாட்சி ஒன்று உண்டு. வட்டத்தைக் கோடு தொடும் இடம், எந்தத் தளத்தில் உடைவு வரும் என்பதையும் சொல்லிவிடுகிறது. எஃப்.ஜி. 260-க்கு இரு வட்டங்களையும் தொடும் நேர்கோட்டின் சாய்வு சுமார் 32½ பாகை. அதன்படி, சாதாரண இழுவைச் சோதனையிலேயே துண்டு குறுக்கே நேராக உடையாமல், நேர்குறுக்கிலிருந்து 29 பாகை சாய்ந்து உடைய வேண்டும்.

அப்படி நடப்பதில்லை. வார்ப்பிரும்புச் சோதனைத் துண்டு இழுவையில் தட்டையாக, குறுக்கே, கரும்சாம்பல் மணல்போன்ற முகத்தோடு உடைகிறது. முறுக்கினால் 45 பாகைச் சுருளாக உடைகிறது. வகுப்பறையில் சாக்குக் கட்டியை முறுக்கினாலும் அதே சுருள். இரண்டு உடைவுகளும் ஒன்றையே சொல்கின்றன: மிகப்பெரிய இழுவைக்குச் செங்குத்தான தளம்தான் பிளக்கிறது. இந்தப் பகுதியில் முறிவை நடத்துவது சறுக்கல் அல்ல, பிளவு. அமுக்கத்தில் மட்டும் துண்டு சாய்தளத்தில் வழுக்கி உடைகிறது. அங்கேயும் நேர்கோடு சொல்லும் 29 பாகையைவிட அகன்ற சாய்வே பெரும்பாலும் தெரிகிறது.

ஆக, ஒரே பொருளில் இரண்டு முறிவு வழிகள் இருக்கின்றன. ஒரே கோடு இரண்டையும் மூட வேண்டும் என்ற எதிர்பார்ப்பே சிக்கலின் வேர் என்பது என் கருத்து.

வெட்டிய கோடு: திருத்திய மோர்

பொறியியல் வடிவமைப்பில் இதற்கு வந்த பதில் நேர்மையானது, ஆனால் ஆழமற்றது. 1949-இல் கிராஸி, கார்னெட் இருவரும், 1950-இல் காஃபினும் சாம்பல் வார்ப்பிரும்பின் மெல்லிய குழாய்களை உள்ளழுத்தமும் நீள்விசையும் சேர்த்து உடைத்துப் பார்த்தார்கள். மெல்லிய குழாயில் திண்மத் தண்டின் கணக்குக் குழப்பம் இல்லை. இழுவையும் அமுக்கமும் கலந்த பகுதியில் அவர்களுடைய புள்ளிகள் கூலோம்–மோர் கோட்டுக்கு வெளியே விழுந்தன.

அதையொட்டி வந்ததுதான் இன்று பாடப்புத்தகங்களில் உள்ள திருத்திய மோர் விதி. அமுக்கம் இழுவையைவிடச் சிறியதாக இருக்கும்வரை, முறிவைத் தீர்மானிப்பது இழுவை மட்டுமே. அமுக்கம் அதைத் தாண்டிய பிறகு, தூய முறுக்கு நிலையிலிருந்து தூய அமுக்க நிலைக்கு ஒரு நேர்கோடு. வட்டப்படத்தில் இழுவைப் பக்கத்தைச் செங்குத்தாக வெட்டிவிட்டதாக இதைப் பார்க்கலாம்.

அழுத்தமும் முறுக்கும் சேர்ந்து விழும் ஒரு வார்ப்புத் தண்டை எடுத்துக்கொள்வோம். அதன் மேற்பரப்பில் ஒரு புள்ளியில் 240 மெகாபாஸ்கல் அமுக்கமும் 160 சறுக்குத் தகைவும் இருப்பதாக வைப்போம். வட்டத்தின் மையம் இடப்பக்கம் 120-இல்; ஆரம் 200. ஆகவே முதன்மைத் தகைவுகள் 80 இழுவை, 320 அமுக்கம்.

கூலோம்–மோர் கணக்கில் 80/260, 320/864 இரண்டையும் கூட்டினால் 0.68, பாதுகாப்பு எண் 1.47. திருத்திய மோர் கணக்கில் இழுவையின் பங்கு 0.31-இலிருந்து 0.215 ஆகக் குறைகிறது. பாதுகாப்பு எண் 1.71. இழுவையையும் அமுக்கத்தையும் ஒன்றோடொன்று சேர்க்காமல் தனித்தனியே ஒப்பிடும் பழைய விதியோ 2.7 தருகிறது. அதே இரும்பு, அதே சுமை, மூன்று தீர்ப்பு. கடைசி எண்ணை நம்புவது ஆபத்து. முதல் எண்ணை நம்பினால் எடை கூடும். நடு எண் சோதனைப் புள்ளிகளுக்கு நெருக்கமானது.

ஆனால் அந்த நடு விதி எதையும் விளக்கவில்லை. திருப்பம் ஏன் சரியாக முறுக்கு நிலையில் வர வேண்டும் என்று கேட்டால், புள்ளிகள் அங்கே திரும்புவதுபோல் தெரிகின்றன என்பதே பதில். மேலும் இயந்திர அடித்தளங்களில் இந்தக் கேள்வியே எழுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: அங்கே விறைப்புக்காகத் தடிமன் கொடுப்பதால் தகைவு மிகக் குறைவு. கோடு வேலைக்கு வருவது கிளாம்ப், தாங்கி, டிரம் போன்ற சுமையேறும் சிறு வார்ப்புகளில்தான்.

கிரிஃபித்தின் விரிசல்

காரணத்திலிருந்து கோட்டை வருவிக்க முயன்றவர் ஆலன் கிரிஃபித். 1921-இல் கண்ணாடியின் வலிமையை நுண்விரிசல்களால் விளக்கியவர், 1924-இல் அதையே கலப்புத் தகைவுக்கு நீட்டினார். பொருளெங்கும் எல்லாச் சாய்விலும் நுண்விரிசல்கள் இருக்கின்றன. வெளியே அமுக்கம் இருந்தாலும், சாய்ந்த விரிசலின் நுனியருகே இழுவை பிறக்கும். அது ஓர் அளவைத் தாண்டினால் விரிசல் ஓடும். இழுவை வலிமையை T என்று கொண்டால், அவருடைய கோடு ஒரு பரவளையம். அமுக்கத்தை நேர்மமாக எடுத்து எழுதினால்:

τ² = 4T(T + σ)

இதில் ஒரு துணிச்சலான கணிப்பு அடங்கியிருக்கிறது: அமுக்க வலிமை இழுவை வலிமையின் எட்டு மடங்கு. பொருள் எதுவானாலும் எட்டு. நம் பகுதியின் இரண்டு பொருள்களும் இந்த எட்டுக்கு இரு பக்கமும் நிற்பது சுவையானது. எஃப்.ஜி. 260-க்கு விகிதம் 3.3. கருங்கல்லுக்குப் பொதுவாகப் பத்துக்கு மேல். கணக்குக்கு 160 அமுக்கம், 10 இழுவை என்று வைத்தால் 16.

இரண்டு விலகல்களுக்கும் காரணம் வேறுவேறு. கல்லில் அமுக்கத்தின்கீழ் விரிசல் மூடிக்கொள்ளும். மூடிய முகங்கள் உரசும். உராய்வு ஓட்டத்தைத் தடுக்கும். 1962-இல் மெக்கிளின்டாக், வால்ஷ் இருவரும் இந்த உராய்வைச் சேர்த்தபோது, அழுத்தம் கூடிய பகுதியில் பரவளையம் மறைந்து கூலோமின் நேர்கோடே திரும்ப வந்தது. இன்னொரு காரணமும் உண்டு: கிரிஃபித் சொல்வது விரிசல் கிளம்பும் தருணத்தை, கல் சரியும் தருணத்தை அல்ல. கருங்கல்லை அமுக்கும்போது நுண்விரிசல்கள் கிளம்புவது இறுதிச் சுமையின் ஏறக்குறைய 40 முதல் 50 விழுக்காட்டில். நம் கணக்குக் கல்லில் எட்டு மடங்கு என்றால் 80, அதாவது 160-இல் பாதி. கிரிஃபித் தோற்றது சரிவைக் கணிப்பதில் மட்டும்தான் என்று இதை வாசிக்கலாம்.

வார்ப்பிரும்பின் கதை வேறு. அதில் கிராஃபைட் செதில்களே விரிசல்களின் வேலையைச் செய்கின்றன. இழுவையில் அவை வெறும் இடைவெளி. அமுக்கத்தில் சுமையைக் கடத்துகின்றன. ஆனால் செதில்களுக்கு இடையே உள்ள இரும்பு கண்ணாடி அல்ல, தளர்ந்து இளகும். செதில் நுனியில் குவியும் தகைவை இந்த இளக்கம் மழுக்குவதால் இழுவை வலிமை அவ்வளவாகத் தாழ்வதில்லை. அமுக்கத்திலோ எட்டு மடங்குக்கு வெகு முன்பே இரும்பு வழுக்கத் தொடங்குகிறது. விகிதம் எட்டுக்குக் கீழே நிற்பதற்கு இந்த இளக்கமே முக்கியக் காரணமாக இருக்கலாம்.

அளவீடே கோட்டைச் சார்ந்திருக்கும் சிக்கல்

கல்லை நேராக இழுத்துச் சோதிப்பது கடினம். பிடியில் சற்றுக் கோணல் இருந்தாலும் வளைவு சேர்ந்துவிடும். அதனால் பெரும்பாலான ஆய்வகங்கள் 1943-இல் பிரேசிலில் கார்னெய்ரோ அறிமுகப்படுத்திய வட்டுச் சோதனையைச் செய்கின்றன. வட்டை நிறுத்தி மேலும் கீழும் அமுக்கினால் அது நெடுக்கே இரண்டாகப் பிளக்கும்.

ஆனால் வட்டின் மையத்தில் இருப்பது தூய இழுவை அல்ல. கிடைவாக்கில் ஒரு பங்கு இழுவை, நெடுவாக்கில் மூன்று பங்கு அமுக்கம். இந்தக் கலவை உண்மையான இழுவை வலிமையைத் தருமா என்பது எந்தக் கோட்டை நம்புகிறோம் என்பதைப் பொறுத்தது. கிரிஃபித் விதியில் ஒன்றுக்கு மூன்று என்பது சரியாக எல்லைப் புள்ளி; அதுவரை அமுக்கத்துக்குப் பாதிப்பில்லை. ஆகவே சோதனை சரியான எண்ணைத் தரும். கூலோம்–மோர் நேர்கோட்டை நம்பினால், விகிதம் 16 உள்ள கல்லில் சோதனை உண்மையில் 84 விழுக்காட்டை மட்டுமே காட்டும். வார்ப்பிரும்பில் செய்தால் ஏறக்குறைய பாதியைத்தான் காட்டும்.

கோட்டை வரைய இழுவை எண் வேண்டும்; இழுவை எண்ணை நம்பக் கோடு வேண்டும். வெளியிடப்படும் பல முறிவுக்கோடுகளின் வலமுனை இந்தச் சுழலில்தான் நிற்கிறது. வட்டுச் சோதனை எண்ணையும் நேர்கோட்டையும் ஒரே அறிக்கையில் பார்த்தால், இரண்டு முரண்பட்ட அனுமானங்கள் ஒரே தாளில் இருப்பதாகக் கொள்ளலாம்.

பொருத்திய வளைவுகள்

1980-இல் எவர்ட் ஹோக், எட்வின் பிரவுன் இருவரும் காரணத்தைத் தேடும் முயற்சியை ஒதுக்கிவிட்டு, சோதனைப் புள்ளிகளுக்குப் பொருந்தும் ஒரு வளைவைக் கொடுத்தார்கள். பாறைக்குப் பாறை மாறும் ஓர் எண் வளைவின் வேகத்தைத் தீர்மானிக்கும். கருங்கல்லுக்கு அது 32 அளவில் எடுக்கப்படுகிறது. சுற்றழுத்தம் உள்ள சோதனைகளுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. சுரங்கப் பொறியியலில் அதிகம் புழங்குவதும் இதுதான். ஆனால் வளைவை அப்படியே வலப்பக்கம் நீட்டினால், இழுவை வலிமை அமுக்க வலிமையில் 32-இல் ஒரு பங்கு என்று வருகிறது. இது பெரும்பாலான கருங்கல்லுக்கு மிகக் குறைவு. ஹோக்கும் பிரவுனும் பின்னாளில் தங்கள் வளைவுக்கு இழுவைப் பக்கத்தில் தனி வெட்டு வேண்டும் என்றே எழுதினார்கள். வார்ப்பிரும்புக்காரர்கள் வந்துசேர்ந்த அதே இடம்.

உயர் அழுத்தப் பகுதிக்கு எல்லைக்கு அப்பாலேயே ஒரு மாபெரும் சோதனைக்களம் இருந்தது. கிருஷ்ணகிரிக்கு வடக்கே உள்ள கோலார் தங்கவயல், 2001-இல் மூடப்படும் முன் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயிருந்தது. அங்கே மேற்பாறையின் எடையே சுமார் 80 மெகாபாஸ்கல். பாறைவெடிப்புகள் அங்கே தொடர்கதை. தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-இல் அங்கே அமைந்ததும் தற்செயல் அல்ல. அவ்வளவு ஆழத்தில் வட்டங்கள் படத்தின் இடக்கோடியில் கிடக்கும், சறுக்கல் கோடு போதும் என்று தோன்றும். ஆனால் சுரங்கம் வெட்டியவுடன் சுவர்முகத்தில் சுற்றழுத்தம் பூஜ்யமாகிறது. வலிய பாறை அங்கே பெரும்பாலும் சுவருக்கு இணையான பலகைகளாகப் பிளந்து வருகிறது. ஆழத்திலும் தொல்லை தருவது கோட்டின் வலமுனைதான்.

தீராமல் நிற்பவை

மோரின் கருத்தில் இடைப்பட்ட முதன்மைத் தகைவுக்கு வேலையே இல்லை. வட்டத்தைத் தீர்மானிப்பவை இரு முனைகள் மட்டும். கார்மான் 1911-இல் சுற்றழுத்தத்தில் பளிங்கை அமுக்கி வரைந்த கோடும், போக்கர் 1915-இல் அதே பளிங்கை வேறு வழியில் சுமையேற்றிப் பெற்ற கோடும் ஒன்றாக விழவில்லை. 1960-களின் இறுதியிலிருந்து ஜப்பானில் கியோ மோகி செய்த சோதனைகள் பல பாறைகளில் இடைத்தகைவு வலிமையைக் கூட்டுவதைக் காட்டின. தட்டையான மேற்பரப்புகளில் இதைப் புறக்கணிக்கலாம். முத்திசைத் தகைவு உள்ள இடத்தில் எவ்வளவு புறக்கணிக்கலாம் என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

அடுத்தது அளவு. எஃப்.ஜி. 260 என்ற எண், தனியாக வார்த்த 30 மில்லிமீட்டர் தண்டுக்கு உரியது. தடித்த வார்ப்பு மெதுவாகக் குளிர்வதால் கிராஃபைட் செதில் பெரிதாகி இழுவை வலிமை குறையும். பெரிய கனத்தில் பலவீனமான விரிசல் ஒன்று அகப்படும் வாய்ப்பும் கூடும். வைபுல் 1939-இல் புள்ளியியலாகச் சொன்னது இதையே. அமுக்க வலிமை இதே அளவு குறையாதபோது வலமுனை மட்டும் உள்ளே நகரும். கோட்டின் வடிவமே மாறும். சோதனைத் தண்டின் கோட்டை வார்ப்பின் கோடாகக் கொள்வது எவ்வளவு சரி என்பதற்கு, அந்த வார்ப்பிலிருந்தே துண்டு வெட்டிச் சோதிப்பதைத் தவிர நம்பகமான வழி தெரியவில்லை.

கிருஷ்ணகிரிக் கல்லுக்கு இன்னொரு தடை உண்டு. சந்தையில் கிரானைட் என்று போகும் பாரடைசோ போன்ற வகைகள் புவியியலில் பட்டைகள் ஓடும் நைஸ் பாறைகள். எந்தப் பக்கம் துளை வரிசை போட்டு ஆப்பு அடித்தால் பாளம் ஒழுங்காகப் பிளக்கும் என்பது குவாரித் தொழிலாளிக்குப் பட்டையைப் பார்த்தே தெரியும். பட்டைக்குக் குறுக்கே இழுத்தால் ஒரு வலிமை, நெடுக்கே இழுத்தால் வேறு வலிமை. மோரின் கோடு எல்லாத் திசையிலும் ஒரேபோல் உள்ள பொருளுக்கானது. ஜேகர் 1960-இல் ஒரே ஒரு பலவீனத் தளம் கொண்ட பாறைக்குத் தனிக்கோடு சேர்க்கும் வழியைக் காட்டினார். அது சறுக்கலுக்குப் பொருந்துகிறது. பிளவுக்கும், மடிந்து நெளியும் பட்டைகளுக்கும் அது அப்படியே பொருந்தும் என்று சொல்வது கடினம்.

இப்போதைய நிலையில், இடப்பக்கம் உராய்வுக்கோடு, வலப்பக்கம் இழுவை வெட்டு என்பதில் பெரும்பாலோர் உடன்படுகிறார்கள். இரண்டும் சேரும் இடம் கூர்மையான மூலையா, வளைவா, எந்த விகிதத்தில் திரும்புகிறது என்பது திறந்தே இருக்கிறது. அதற்குத் தேவை வட்டுச் சோதனை எண்கள் அல்ல. மெல்லிய குழாய்களையும் நேரிழுவைத் துண்டுகளையும், நைஸ் என்றால் பட்டைக்கு மூன்று சாய்வுகளிலாவது வெட்டி, உடைத்துப் பெறும் வட்டங்கள்.